தையல் வகுப்பு விளம்பரத்துக்கு கேப்ஷன் எழுதுவது: காலம், சான்றிதழ், மாணவிகளின் வேலை, வேலை உத்தரவாதம் இல்லாமல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தையல் வகுப்பு நடத்தும் நான்கைந்து பேருக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதிதாக எழுத உட்காருகிறவர்கள் தடுமாறுவது தமிழில் இல்லை, வரிசையில்தான். முதலில் வாசகத்தை எழுதிவிட்டு, அப்புறம் விவரம் தேடுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எடுத்துக்காட்டாக ஒரே வகுப்பைக் கடைசி வரை கொண்டுபோகிறேன். காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் 12 பேர் உட்காரும் வகுப்பு, 3 மாதப் பயிற்சி. அவர்கள் முதலில் போட்டிருந்த கேப்ஷன் இது:

"தையல் கற்று வாழ்வில் உயருங்கள்! 3 மாதத்தில் முழு தையல். அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ். 100% வேலைவாய்ப்பு. உடனே அழையுங்கள்!"

இதில் சரிபார்க்கக்கூடியது "3 மாதம்" மட்டுந்தான். அதுவும் பாதிதான்.

1. எழுதும் முன் மேசைமேல் இருக்க வேண்டியவை

ஃபோனைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் இந்த நான்கும் மேசைக்கு வரட்டும்: வகுப்பின் கால அட்டவணை, போன பேட்ச்சுக்குக் கொடுத்த சான்றிதழின் நகல் ஒன்று, ஒரு மாணவியின் பயிற்சி நோட்டு, அந்த நிறுவனத்தின் பதிவுக் காகிதங்கள்.

கேப்ஷனில் வரும் ஒவ்வொரு வரிக்கும், "இதை எங்கே காட்டுவீர்கள்?" என்று யாராவது கேட்டால் நீட்ட ஒரு தாள் வேண்டும். அதற்காகத்தான் இவை. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு பஸ் ஏறி வந்து பணம் கட்டுகிறாள் என்றால், அந்த அம்மா கேப்ஷனை ஃபோனில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். நானே பார்த்திருக்கிறேன். "இதுல இப்படிப் போட்டிருக்கீங்களே மேடம்" என்று திரையைத் திருப்பிக் காட்டுவார்கள்.

தாள் இல்லாத வரியை அங்கேயே விட்டுவிடுங்கள். நன்றாக எழுதப்பட்ட வரியாக இருந்தாலும் சரி.

2. காலத்தை மணிக்கணக்கில் சொல்லுங்கள்

"3 மாதம்" என்பது ஒரு வகுப்பில் வாரம் ஐந்து நாளாக இருக்கும், இன்னொன்றில் சனி ஞாயிறு மட்டுமாக இருக்கும். கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் மாதத்தோடு நாளையும் மணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காரிமங்கலம் வகுப்புக்குப் போட்ட கணக்கு இது. 13 வாரம், வாரம் 5 நாள் என்றால் 65 நாள். ஜூனில் தொடங்கும் பேட்ச் என்பதால் நடுவில் ஆடிப்பெருக்கு வரும். அன்றைக்கு ஒகேனக்கல் போகாத வீடு இந்தப் பக்கம் குறைவு. ஊர்த் திருவிழா ஒரு நாள், மாதப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாட்கள் மூன்று. மோட்டார் மெஷினில் பயிற்சி கொடுப்பதால் அன்றைக்கு வகுப்பு நடக்காது. ஆக 5 நாள் கழித்தால் 60. நாளுக்கு 2 மணி நேரம், மொத்தம் 120 மணி நேரம்.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, 65 நாளையும் அப்படியே பெருக்கி 130 என்று போடுவது. பத்து மணி நேரம் பெரிய விஷயமா என்று கேட்பார்கள். பதினோராவது வாரம் லைனிங் ப்ளவுஸ் நடக்கும்போது நேரம் போதாமல் போனால், மாணவிகள் எண்ணிப் பார்ப்பது அந்தப் பத்து மணியைத்தான்.

பேட்ச் நேரத்தையும் இதே வரியில் போட்டுவிடுங்கள். "காலை 10.30 முதல் 12.30 வரை" என்று இருந்தால், பாலக்கோட்டிலிருந்து வருகிறவர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வரமுடியுமா என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். நேரம் போடாத கேப்ஷனுக்கு வரும் ஃபோன்களில் முக்கால்வாசி நேரம் கேட்டுத்தான் வரும்.

தவறவிட்ட வகுப்புக்கு என்ன வழி என்பதையும் சேர்க்கலாம். ஆனால் உண்மையில் ஈடுசெய்து கொடுப்பதாக இருந்தால் மட்டும்.

3. சான்றிதழ்: கையெழுத்து யாருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான தப்பு நடக்கும் இடம் இதுதான். பல நேரம் நடத்துகிறவர்களுக்கே தங்கள் காகிதம் என்ன என்று தெரிவதில்லை.

"அரசு அங்கீகாரம்" என்று முதல் கேப்ஷனில் எழுதியிருந்தார்கள் அல்லவா? எதை வைத்து என்று கேட்டேன். ஒரு தாளை எடுத்து நீட்டினார்கள். அது உத்யம் பதிவு. சிறு தொழில் நடத்துகிறவர் யாரும் இணையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய பதிவு அது. மளிகைக் கடைக்கும் உண்டு, டீக்கடைக்கும் உண்டு. "இப்படி ஒரு தொழில் நடக்கிறது" என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. பாடத்திட்டத்தை யாரும் பார்க்கவில்லை, தேர்வை யாரும் நடத்தவில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 சான்றும் அப்படித்தான். அது நிர்வாக முறையைப் பற்றியது, மாணவியின் தையலைப் பற்றியது இல்லை.

அதனால் சான்றிதழ் நகலை எடுத்துக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கையெழுத்துப் போட்டிருப்பது யார்? வகுப்பு நடத்துகிறவர் மட்டும் போட்டிருந்தால், அது நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ். வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து, தேர்வு வைத்து, வேறு ஓர் அமைப்பு தன் பெயரில் கொடுப்பதாக இருந்தால், அந்த அமைப்பின் பெயரையும் அந்தப் பயிற்சிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரையும் முழுதாக எழுதுங்கள். ஐ.டி.ஐ.யில் படிக்கும் ஓராண்டுத் தையல் தொழிற்பிரிவு இன்னொரு வகை. மூன்று மாத வகுப்பை அதோடு சேர்த்துக் குழப்பும்படி எழுதக்கூடாது.

சொந்தச் சான்றிதழ் என்று சொல்வதில் வெட்கம் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஊரில் ப்ளவுஸ் கொடுக்க வருகிறவர் யாரும் சான்றிதழ் பார்த்துக் கொடுப்பதில்லை. ஆனால் அதை வேறு ஏதோ போலக் காட்டிவிட்டு, பிறகு அது இல்லை என்று தெரிந்தால் வகுப்பின் பெயர் கெட்டுப்போகும்.

இந்தப் பகுதியில் மூன்று விஷயம் வர வேண்டும். யார் கொடுக்கிறார்கள், எதை முடித்தால் கொடுக்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காரிமங்கலம் வகுப்பில் 60 நாளில் 48 நாளாவது வந்திருக்க வேண்டும், கடைசியில் அளவெடுத்து ஒரு ப்ளவுஸ் வெட்டித் தைத்துக் காட்ட வேண்டும். இதை கேப்ஷனில் போட்டதும் நடத்துகிறவருக்குப் பயம், ஆட்கள் வரமாட்டார்களோ என்று. கல்யாணம் காட்சி என்று பாதி நாள் வராமல் இருந்துவிட்டுச் சான்றிதழ் கேட்டு வந்து நிற்கிறவர்களிடம் பேசிப் பேசி அலுத்தவர் அவர். அந்த வரி இருந்ததால் அடுத்த பேட்ச்சில் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

இன்னொரு கேள்வி தவறாமல் வரும்: "இந்தச் சர்டிஃபிகேட் வெச்சு இலவச மெஷின் கிடைக்குமா?" சமூக நலத்துறை வழியாகக் கிடைக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தைத்தான் கேட்கிறார்கள். அந்த விண்ணப்பத்தோடு தையல் தெரியும் என்பதற்கான சான்று வைக்க வேண்டும். வயது, வருமானம் என்று வேறு நிபந்தனைகளும் உண்டு. உங்கள் சான்றிதழ் அதற்குச் செல்லுமா என்பதை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் நகலைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை "இலவச மெஷின் பெறலாம்" என்ற வரி கேப்ஷனுக்குள் வரக்கூடாது. செல்லும் என்று சொன்னாலும்கூட, மெஷினைத் தருவது நீங்கள் இல்லை.

4. மாணவிகளின் வேலை: யார் வெட்டியது, யார் தைத்தது, எந்த வாரம்

கேப்ஷனில் மிகவும் படிக்கப்படுவது இந்தப் பகுதி, ஏனென்றால் படம் அங்கேதான் இருக்கிறது. இணையத்திலிருந்து எடுத்த கல்யாண ப்ளவுஸ் படத்தைப் போடுவதுதான் இங்கே பொதுவான பிழை. மூன்று மாத வகுப்பில் ஆரி வேலையே சொல்லித்தரவில்லை, படத்தில் மட்டும் முதுகு முழுக்க மயில். சேர வருகிறவர் அதைத்தான் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று நினைப்பார், நினைக்காமல் எப்படி?

உங்கள் வகுப்பிலேயே ஒரு மாணவி தைத்ததை எடுங்கள். படம் எடுக்கும்போது முன்பக்கம் ஒன்று, உள்பக்கத்தைத் திருப்பி ஒன்று. தையல் தெரிந்தவர்கள் பார்ப்பது உள்பக்கத்தைத்தான். ஓவர்லாக் அடித்திருக்கிறதா, பிசிறு நிற்கிறதா, அக்குளில் கை ஏற்றிய தையலும் பக்கத் தையலும் கூட்டல் குறி மாதிரி நேராக வெட்டிக்கொள்கின்றனவா என்று பார்ப்பார்கள். அந்தக் கூட்டல் ஒரு நூல் விலகினாலும் தெரியும்.

காரிமங்கலம் வகுப்பில் நாங்கள் எடுத்தது எட்டாவது வாரத்துச் சாதா ப்ளவுஸ் ஒன்று. பச்சைக் காட்டன், முழுக்க மாணவியே தைத்தது. கை ஏற்றிய இடத்தில் பின்பக்கம் சின்னச் சுருக்கம் ஒன்று விழுந்திருந்தது. அந்தப் படம் வேண்டாம், வேறு எடுக்கலாம் என்றார்கள். நான் விடவில்லை. எட்டாவது வாரத்தில் கை ஏற்றும்போது சுருக்கம் விழுவது இயல்பு. பதினோராவது வாரத்தில் அதே மாணவி தைத்த லைனிங் ப்ளவுஸில் அது இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோம். அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியது நினைவிருக்கிறது: "எனக்கும் அந்த இடத்துலதான் சுருக்கம் விழுது, எப்படி எடுத்தாங்க?" சேர வேண்டியவர் அவர்தான்.

படத்துக்குக் கீழே எழுதும்போது உதவியையும் சொல்லிவிடுங்கள். லைனிங் ப்ளவுஸில் கழுத்து வெட்டும்போது டீச்சர் கூட நின்று வெட்டியிருந்தால், "கழுத்து வெட்டியது ஆசிரியை உதவியோடு" என்று ஒரு வரி. இதை மறைத்தால், சேர்ந்த பிறகு பதினோராவது வாரத்தில் தனியாக வெட்ட முடியவில்லையே என்று அந்தப் பெண் தன்னைத்தான் நொந்துகொள்வாள்.

அனுமதி இல்லாமல் படம் போடக்கூடாது. துணியை மட்டும் எடுப்பதாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள். முகம் தெரிந்தால் எழுதி வாங்குங்கள். பெயர், ஊர் இரண்டும் சேர்ந்து வரவே வேண்டாம். சின்ன ஊரில் அது முகவரி கொடுத்த மாதிரிதான். "போன பேட்ச் மாணவி" என்றால் போதும்.

5. வேலை பற்றிய வரி

"100% வேலைவாய்ப்பு" என்பதை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எடுத்த பிறகு அதுவே வேறு உருவில் திரும்பி வருவதைக் கவனியுங்கள்.

"வீட்டிலிருந்தே மாதம் 20,000 சம்பாதிக்கலாம்" என்பதும் உத்தரவாதம்தான், வருமானத்தின் பெயரில். "வேலைவாய்ப்பு உதவி உண்டு" என்பதைப் படிப்பவர் "வேலை வாங்கித் தருவார்கள்" என்றே எடுத்துக்கொள்வார். "ஓசூர், திருப்பூர் கம்பெனிகளில் ஆள் தேவை" என்ற வரி உண்மையாகவே இருந்தாலும், ப்ளவுஸ் வகுப்பு விளம்பரத்தில் வைத்தால் இங்கே படித்தால் அங்கே எடுப்பார்கள் என்று பொருள்படும். கார்மென்ட்ஸ் லைனில் ஒருவர் நாள் முழுக்கக் காலர் மட்டும் அடிப்பார், இன்னொருவர் பாக்கெட் மட்டும். அளவெடுத்து ஒரு முழு ப்ளவுஸ் தைப்பது வேறு வேலை, பயிற்சியும் வேறு.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கிறது. பொய்யான உத்தரவாதம் கொடுத்து வாங்குகிறவரை ஏமாற்றக்கூடிய விளம்பரத்தை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற கணக்கில் வைக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைக்க வேண்டாம், அதுவும் விளம்பரம்தான்.

அந்த இடத்தில் என்ன எழுதுவது? முதலில், கற்றுத்தருவது எது என்று பொருள் பொருளாகச் சொல்லுங்கள்: பாவாடை, நைட்டி, சுடிதார், சாதா ப்ளவுஸ், லைனிங் ப்ளவுஸ். அடுத்து கற்றுத்தராததையும் சொல்லுங்கள்: ஆரி, பிரின்சஸ் கட். கடைசியில் ஒரே நேர் வரி: "வேலை வாங்கித் தருவதில்லை, தையல் கற்றுத்தருகிறோம்." நடத்துகிறவர்கள் இந்த வரிக்குத்தான் ரொம்பத் தயங்குவார்கள். எழுத்தைச் சின்னதாக்கி, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மேலே பெரிய எழுத்தில் ஒன்று, கீழே பொடி எழுத்தில் அதற்கு எதிராக ஒன்று என்றால் ஒளித்த மாதிரி ஆகிவிடும்.

6. கோர்ப்பது

இப்போது ஃபோனை எடுக்கலாம். இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மீதி மடிந்துவிடும். மொத்தத்துக்கும் 2,200 குறி வரைதான் இடம். தமிழில் இந்தக் கணக்கு ஏமாற்றும். "தையல்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஃபோன் அதை ஐந்தாக எண்ணும், ஐகாரக் குறியும் புள்ளியும் தனித்தனி. அதனால் முதல் வரியில் வாழ்த்து, பாராட்டு எதுவும் வேண்டாம். என்ன வகுப்பு, எந்த ஊர், எத்தனை மணி நேரம் என்று போய்விடுங்கள்.

சான்றிதழ் மாணவியின் வேலைக்குப் பிறகு வருவதற்கும் காரணம் இருக்கிறது. முதலிலேயே வைத்தால் சான்றிதழுக்காக மட்டும் வருகிறவர்கள் ஃபோன் செய்வார்கள். மாணவியின் வேலையைப் பார்த்துவிட்டு அந்த வரிக்கு வருகிறவர் தையலுக்காக வருகிறார். காரிமங்கலம் வகுப்புக்குக் கடைசியாக வந்தது இது:

> அடிப்படைத் தையல் வகுப்பு, காரிமங்கலம். 3 மாதம், 60 நாள், மொத்தம் 120 மணி நேரம்.
>
> திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10.30 – 12.30. ஒரு பேட்ச்சில் 12 பேர், ஆளுக்கு ஒரு மெஷின்.
>
> படத்தில் இருப்பவை இரண்டும் போன பேட்ச் மாணவி ஒருவர் தைத்தவை. பச்சை ப்ளவுஸ் 8-ஆம் வாரம், அவரே வெட்டித் தைத்தது. கையில் இருக்கும் சுருக்கத்தைப் பாருங்கள். லைனிங் ப்ளவுஸ் 11-ஆம் வாரம், கழுத்து வெட்டியது மட்டும் ஆசிரியை உதவியோடு. அவர் அனுமதியுடன் பகிர்கிறோம்.
>
> கற்றுத்தருவது: அளவெடுத்தல், பேப்பர் கட்டிங், பாவாடை, நைட்டி, சுடிதார், சாதா ப்ளவுஸ், லைனிங் ப்ளவுஸ். ஆரி, பிரின்சஸ் கட் இந்த வகுப்பில் இல்லை.
>
> சான்றிதழ்: எங்கள் நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ், அரசுச் சான்றிதழ் அல்ல. 48 நாள் வருகையும், கடைசி வாரம் அளவெடுத்து ஒரு ப்ளவுஸ் தைத்துக் காட்டுவதும் வேண்டும். தனிக் கட்டணம் இல்லை.
>
> வேலை வாங்கித் தருவதில்லை, தையல் கற்றுத்தருகிறோம்.
>
> பயிற்சித் துணி நீங்கள் கொண்டுவர வேண்டும். கட்டணம் அறியவும் ஒரு நாள் வகுப்பைப் பார்க்கவும் கீழுள்ள எண்ணில் கூப்பிடுங்கள்.

கட்டணத்தையும் இதிலேயே போடலாம் என்பது என் கட்சி. நடத்துகிறவர் ஒத்துக்கொள்ளவில்லை, சரி, அது அவர் விருப்பம். பயிற்சித் துணி பற்றிய வரியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று மாதத்தில் துணிக்கே நல்ல தொகை ஆகும், அது சேர்ந்த பிறகு தெரியவந்தால் மனஸ்தாபம்தான். பர்கூர் பக்கம் இருப்பவர்களாவது ஜவுளிக் கடைகளில் வெட்டுத் துணி மலிவாக எடுத்துக்கொள்வார்கள்.

7. படத்தின் மேல் இருக்கும் எழுத்து

கேப்ஷனைத் திருத்திவிட்டுப் பழைய போஸ்டரை அப்படியே விட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது பெரும்பாலும் படம் மட்டும்தான், கீழே இருக்கும் எழுத்து வழியிலேயே உதிர்ந்துவிடும். போஸ்டரில் "100% வேலைவாய்ப்பு" என்று இருந்தால், கேப்ஷனில் நீங்கள் எழுதிய நேர்மையான வரி யாருக்கும் போய்ச்சேராது.

படத்தின்மேல் வகுப்பின் பெயர், ஊர், "120 மணி நேரம்", "நிறுவனச் சான்றிதழ்", ஃபோன் எண் இவை போதும். கோபுர முத்திரை, அசோகச் சக்கரம் மாதிரி எதையும் அலங்காரத்துக்குக்கூட வைக்காதீர்கள். அரசுச் சின்னத்தை அப்படிப் பயன்படுத்துவதே தவறு, அதோடு எழுத்தில் "அரசு அல்ல" என்று சொன்னதை ஓவியம் மறுத்துவிடும்.

8. பதிவிடும் முன்னும் பின்னும்

தையல் தெரியாத ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் ஃபோனை வாங்கிக்கொண்டு, "சான்றிதழ் யார் கொடுப்பது? வேலை கிடைக்குமா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு "கிடைக்கும்போல" என்று பதில் வந்தால் எங்கோ ஒரு வரி இன்னும் இழுக்கிறது. எங்கள் முதல் வரைவில் அந்த வரி "சொந்தக் காலில் நிற்கலாம்" என்பதாக இருந்தது. எடுத்துவிட்டோம்.

பதிவு போன பிறகு கமெண்டில் வரும் பதிலையும் கேப்ஷனின் பகுதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். "வேலை கிடைக்குமா அக்கா?" என்று ஒருவர் கேட்க, வகுப்பு நடத்தும் பெண் ஆசையில் "கண்டிப்பா கிடைக்கும்மா" என்று போட்டுவிட்டார். இவ்வளவு பாடுபட்டு எழுதியதெல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் போயிற்று. இப்போது அவர் ஃபோனில் ஒரு பதிலைச் சேமித்து வைத்திருக்கிறார்: "வேலைக்கு நாங்க பொறுப்பு இல்லம்மா, தைக்கக் கத்துக்கலாம். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அடுத்த பேட்ச்சில் நேரமோ ஆசிரியையோ மாறினால் பழைய பதிவைத் தேடித் திருத்த வேண்டும். முகப்பில் பின் செய்து வைத்ததை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதில்தான் போன வருடத்து நேரம் இருக்கும்.